AX1500 ரவுட்டர்: பெட்டியில் 1500 வேகம், 1500 சதுர அடி, 64 சாதனம். விவரத்தில் எதை எழுதலாம்?

ரிச்சி_தெரு_கடை

வணக்கம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நெட்வொர்க் சாமான் விற்கிற கடையில் வேலை செய்கிறேன். கடைக்கு இணையப் பக்கம் தொடங்குகிறோம், ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் விவரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் பொருளே அதிகம் விற்கிற AX1500 ரவுட்டர். பெட்டியில் மூன்று விஷயம் பெரிய எழுத்தில் இருக்கிறது: வேகம் 1500 எம்பிபிஎஸ் வரை, பரப்பு 1500 சதுர அடி வரை, 64 சாதனங்கள் வரை.

இதை அப்படியே எழுத எனக்கு மனசு வரவில்லை. வாங்கிப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வருகிறார்கள். ஒருவருக்கு 1500க்குப் பதில் 90தான் வருகிறது. இன்னொருவருக்கு வீடு 1100 சதுர அடிதான், ஆனால் கடைசி அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்குகிறவர்கள். என் விவரத்தைப் படித்து வாங்குகிறவருக்கு வீட்டில் என்ன கிடைக்குமோ அதைத்தான் எழுத வேண்டும். உண்மையான எண்களாக எதைப் போடலாம்?

வேகப்பிரியன்

1500 என்பது இரண்டு அலைவரிசையையும் கூட்டி வருவது. 2.4 கிகாவில் 300, 5 கிகாவில் 1200. போனை 5 கிகாவில் இணைத்தால் 1200 வந்துவிடும். அதனால் "5 கிகாவில் 1200" என்று எழுதுங்கள், அதுதான் உண்மை. வேகம் போதாது என்கிறவர்களுக்கு AX3000 கொடுங்கள். அதில் பரப்பும் இரண்டு மடங்கு.

அம்பத்தூர்_வயர்மேன்

கூட்டல் கணக்கு சரி, அதற்கு மேல் சரியில்லை. நீங்கள் சொன்ன 1200, சரியாகச் சொன்னால் 1201, என்பது போனும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் இணைப்பு வேகம். ஒவ்வொரு தகவலுக்கும் பதில் ஒப்புதல், காத்திருப்பு, பக்கத்து வீட்டு சிக்னல் ஓயும் வரை பொறுத்திருப்பது எல்லாம் போய் கையில் வருவது அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரே அறையில், இரண்டு ஆன்டெனா உள்ள நல்ல போனில் 600 முதல் 750 வரை பார்க்கலாம். விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஒரு ஆன்டெனாதான், பழைய வைஃபை 5. அதன் இணைப்பு வேகமே 433, கைக்கு வருவது 250 சுமார். ரவுட்டர் எதுவானாலும் அந்தப் போனுக்கு அவ்வளவுதான்.

AX3000 பற்றி. அதில் 5 கிகா பக்கம் 2402 என்று வருவது 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பயன்படுத்துவதால். போனும் 160ஐப் பிடிக்க வேண்டும், பல போன்கள் பிடிக்காது. பிடிக்காத போனுக்கு அங்கும் 1201தான். பரப்பு இரண்டு மடங்கு ஆகவே ஆகாது. அகலம் கூடினால் அதே சக்தி பரவலாகப் பிரிகிறது, தூரத்தில் லாபமில்லை.

இன்னொன்று, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். AX1500இல் 2.4 கிகா பக்கம் 300 என்று இருந்தால் அது பழைய 802.11n, அதாவது வைஃபை 4. "வைஃபை 6" என்ற பெயர் 5 கிகா பாதிக்கு மட்டும்தான் பொருந்தும். AX1800இல் அந்த இடத்தில் 574 இருக்கும், அங்கே இரண்டு பக்கமும் வைஃபை 6. விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ரிச்சி_தெரு_கடை

பார்த்தேன், 300தான் போட்டிருக்கிறது. சரி, அந்த 90 எம்பிபிஎஸ் புகார் ஏன் வருகிறது அண்ணா? அவர் 300 பிளான் வைத்திருக்கிறார், போனும் நல்ல போன்.

அம்பத்தூர்_வயர்மேன்

90, 94 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால் அதற்கு வைஃபை காரணமில்லை. வைஃபை வேகம் ஏறும் இறங்கும், இப்படி ஒரு கோட்டில் நிற்காது. எங்கோ ஒரு கம்பி 100இல் இணைந்திருக்கிறது. முதலில் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் ஈதர்நெட் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே எட்டு வயர் இருக்க வேண்டும். அவசரத்தில் நாலு வயர் மட்டும் கிரிம்ப் செய்து போய்விடுவார்கள், நாலு வயரில் 100க்கு மேல் போகாது. கேபிள் சரியாக இருந்தால் ஃபைபர் பெட்டியின் போர்ட். சில பழைய பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. இரண்டும் சரி என்றால் ரவுட்டரின் போர்ட். குறைந்த விலை AC1200 சிலவற்றில் போர்ட் எல்லாமே 100தான், அதில் 5 கிகா 867 என்று போட்டு என்ன பயன்? விவரத்தில் போர்ட் வேகத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தாம்பரம்_டீச்சர்

எங்கள் வீட்டிலும் இதே ரவுட்டர். தினமும் இரவு எட்டு மணிக்கு நெட் முழுசா போய்விடுகிறது, அரை மணி நேரம் கழித்து வருகிறது. ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 1500 சதுர அடி என்றார்கள், என் வீடு 800தான். ரேஞ்ச் குறைவா? மாற்றித் தருவார்களா?

அம்பத்தூர்_வயர்மேன்

மேடம், நெட் போகும்போது போனில் வைஃபை பெயர் தெரிகிறதா? தெரிந்தால் ரேஞ்ச் பிரச்சினை இல்லை. ஃபைபர் பெட்டியில் LOS என்று ஒரு விளக்கு இருக்கும், அப்போது அது சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தாம்பரம்_டீச்சர்

வைஃபை பெயர் தெரிகிறது. நேற்று பார்த்தேன், LOS சிவப்பு.

அம்பத்தூர்_வயர்மேன்

அப்படியானால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. ரவுட்டரை மாற்றினாலும் இதே கதைதான். தெருவில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்கு அந்த நேரத்தில் கரண்ட் போகிறதா, கேபிள் எங்காவது மடங்கி இருக்கிறதா என்று உங்கள் கம்பெனிக்காரர்தான் வந்து பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கை நேரத்தோடு போட்டோ எடுத்து அனுப்புங்கள், "வைஃபை ஸ்லோ" என்று புகார் எழுதாதீர்கள்.

ரிச்சி_தெரு_கடை

பரப்புக்கு வருவோம். 1500 சதுர அடி என்பதை எப்படி எழுதுவது? பெட்டியில் எந்தச் சுவரும் பற்றிப் பேச்சில்லை.

பெரம்பூர்_2BHK

நான் அளந்து பார்த்தேன், அதே வகை AX1500. 1050 சதுர அடி ஃபிளாட், இரண்டாவது மாடி. ஃபைபர் வாசல் வழியாக வருவதால் ரவுட்டர் ஹாலில் டிவி பக்கம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். கேபிளில் இணைந்த ஒரு கணினியில் இது:

```
iperf3 -s
```

லேப்டாப்பில் இது, 192.168.1.10 என்பது அந்தக் கணினியின் முகவரி:

```
iperf3 -c 192.168.1.10 -R -t 30
```

இதில் இணையம் வராது, ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள வேகம் மட்டும் தெரியும். 5 கிகாவில் ஹாலில் 640. ஒரு சுவர் தாண்டிய படுக்கையறையில் 370. சமையலறையில் 190. கடைசிப் படுக்கையறையில் 22. நடுவில் குளியலறை, அதற்குப் பக்கத்தில் இரும்பு பீரோ. சிக்னல் ஹாலில் -45 dBm, கடைசி அறையில் -77, பூஜ்யத்திலிருந்து விலக விலகப் பலம் குறைவு. அதே கடைசி அறையில் 2.4க்கு மாற்றினால் -66, வேகம் 35. 1050 சதுர அடிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

அம்பத்தூர்_வயர்மேன்

அருமையான அளவு. விவரம் எழுத இதுவே போதும்.

சதுர அடிக் கணக்கு திறந்த வெளிக்கோ, மரப்பலகைச் சுவர் வீடுகளுக்கோ பொருந்தலாம். நம்மூரில் உள்சுவரே நாலரை அங்குலச் செங்கல், வெளிச்சுவர் ஒன்பது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் இன்னும் கனம். 5 கிகா அலை ஒவ்வொரு செங்கல் சுவரிலும் பெரும்பகுதியை இழக்கும். கான்கிரீட் தளத்தைத் தாண்டுவது அதைவிடக் கஷ்டம், கீழ்வீட்டு ரவுட்டரை மாடிக்கு நம்பவே கூடாது. இரும்பு பீரோ, குளியலறை டைல்ஸுக்குப் பின்னால் ஓடும் குழாய், சிண்டெக்ஸ் தண்ணீர், பெரிய கண்ணாடி எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: திரும்பி வரும் பேச்சு. ரவுட்டர் பலமாகப் பேசும், போன் மெதுவாகத்தான் பேசும், அதன் பேட்டரி அப்படி. போனில் இரண்டு கோடு தெரியும், ஆனால் வீடியோ கால் போகாது. ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கவில்லை. ஆன்டெனா நாலு, ஆறு என்று விற்கிறார்களே, அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தப் பாதி சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. அதனால் கோடுகளைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வீடியோ காலுக்கு -67க்குக் கீழே இறங்கக் கூடாது என்று நான் வைத்துக்கொள்வேன். -75 வந்துவிட்டால் மெசேஜ் போகும், கால் தடுக்கும். விண்டோஸில் கோட்டுக்குப் பதில் இதைப் பாருங்கள்:

```
netsh wlan show interfaces
```

Signal என்ற வரியில் சதவீதம் வரும். 66% சுமார் -67 என்று வைத்துக்கொள்ளலாம். Receive rate, Transmit rate இரண்டையும் பாருங்கள். Transmit மட்டும் அடிமட்டத்தில் இருந்தால் திரும்பும் பேச்சுதான் சிக்கல்.

வேகப்பிரியன்

அப்படியானால் 5 கிகா, 2.4 இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் 5, தூரத்தில் 2.4 என்று அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

அம்பத்தூர்_வயர்மேன்

வீட்டில் உள்ள பெரியவர்கள் அறைக்கு அறை மாற்றிக்கொண்டிருப்பார்களா? ஒரே பெயர்தான் நான் வைப்பேன். போன் தானாக மாறிக்கொள்ளும்.

பெரம்பூர்_2BHK

எனக்கு ஒரே பெயர் ஒத்துவரவில்லை. வைஃபை பல்பும் கேமராவும் 2.4 மட்டும் பிடிப்பவை, அமைக்கும்போது போன் 5இல் இருந்தால் இணையவே இல்லை. தனிப் பெயர் வைத்தபிறகுதான் வந்தது. போனும் கடைசி அறையில் 5ஐ விடாமல் பிடித்துக்கொண்டு 22இலேயே கிடந்தது.

அம்பத்தூர்_வயர்மேன்

அமைத்து முடித்ததும் பெயரை ஒன்றாக்கிவிடலாமே. போன் ஒட்டிக்கொள்வது அந்தந்த போனைப் பொறுத்தது. நான் என் வழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஓஎம்ஆர்_பிஜி

நான் சோழிங்கநல்லூரில் பையன்கள் பிஜி நடத்துகிறேன். மூன்று மாடி, 40 பேர். 64 சாதனம் தாங்கும் என்றால் இது ஒன்றே எனக்குப் போதும்தானே? 300 எம்பி பிளான் இருக்கிறது. இப்போது வைத்திருப்பது வேறு ரவுட்டர், இரவு பத்து மணிக்கு யாருக்கும் எதுவும் ஓடுவதில்லை.

அம்பத்தூர்_வயர்மேன்

போதாது சார். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கடைக்காரர் தம்பிக்கும் இதுதான் முக்கியம்.

64 என்பது பதிவேட்டில் எத்தனை பெயர் எழுதலாம் என்ற எண்ணிக்கை. அத்தனை பேருக்கும் நேரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். தண்ணீர் லாரியில் ஒரே குழாய், வரிசையாகக் குடங்கள். வாய் அகலமான குடம் சட்டென்று நிரம்பிவிடும், வாய் குறுகியது நிரம்ப நேரமாகும், பின்னால் நிற்பவர் எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். தூரத்தில் இருப்பவர் குடத்தின் வாய் குறுகலானது.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஒரு பையன் வீடியோ பார்க்க 4 எம்பிபிஎஸ் வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் இருப்பவருக்கு உண்மை வேகம் 300 கிடைக்கிறது என்றால், அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் 300இல் 4, ஒரு சதவீதம் சொச்சம். இரண்டு சுவர் தாண்டி 20 மட்டும் கிடைப்பவர் அதே வீடியோவுக்கு 20இல் 4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை எடுத்துக்கொள்வார். இப்படி ஐந்து பேர் தூரத்து அறைகளில் பார்த்தால் மொத்த நேரமும் தீர்ந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்போது ஓடாது. பையன்கள் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் ரவுட்டர் பக்கத்திலேயே 10 காட்டும், 300 எம்பி பிளான் சும்மா கிடக்கும். உங்களுக்கு பத்து மணிக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

வேகப்பிரியன்

வைஃபை 6இல் ஒரே நேரத்தில் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதே? அதற்குத்தானே அதை வாங்குகிறோம்.

அம்பத்தூர்_வயர்மேன்

இருக்கிறது, உதவவும் செய்யும். ஆனால் சின்னச் சின்னத் தகவல்களுக்கு, அதுவும் அந்தப் பக்கமும் வைஃபை 6 போனாக இருந்தால். பிஜியில் பாதிப் பேர் கையில் பழைய போன். தூரத்தால் வேகம் இறங்குவதை அது சரிசெய்யாது.

ஓஎம்ஆர்_பிஜி

அப்போது நான் என்ன வாங்குவது? ரிப்பீட்டர் போட்டால்?

அம்பத்தூர்_வயர்மேன்

சாதாரண ரிப்பீட்டர் வேண்டாம். அது கேட்டதைத் திரும்பச் சொல்வதும் அதே அலைவரிசையில் என்றால் நேரம் இரண்டு மடங்கு செலவாகும், உங்களிடம் இல்லாததே நேரம்தான். கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மாடிக்கு ஒன்று, வராண்டா நடுவில் சீலிங்கில். மாடி நீளமாக இருந்தால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து கேட் 6 கேபிள் இழுக்க வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2.4இல் 1, 6, 11 என்று மாடிக்கு ஒரு சேனல் வையுங்கள், அகலம் 20க்கு மேல் வேண்டாம். 5 கிகாவிலும் சேனல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கட்டும். எல்லோரையும் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம்.

ஓஎம்ஆர்_பிஜி

கேபிள் இழுக்க சுவரை உடைக்க ஓனர் விடமாட்டார். லிஃப்ட் பக்கம் ஒரு பைப் போகிறது, அதில் இழுக்க முடியுமா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்பத்தூர்_வயர்மேன்

கரண்ட் வயர் ஓடும் அதே பைப்பாக இருந்தால் வேண்டாம். தனிப் பைப் என்றால் தாராளமாக இழுக்கலாம். படம் எடுத்துப் போடுங்கள்.

ரிச்சி_தெரு_கடை

அப்படியானால் வீட்டுக்கு எத்தனை சாதனம் என்று எழுதுவது? பல்பும் சேரும்தானே?

பெரம்பூர்_2BHK

என் வீட்டில் மொத்தம் 23 இணைந்திருக்கிறது. அதில் பல்பு, ப்ளக், வாட்டர் ஹீட்டர் டைமர் எல்லாம் இருப்பதே தெரியாது. ஆனால் வெளியே இரண்டு கேமரா, இரவு பகலாக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ். அவை 2.4இல், ஒன்பது அங்குலச் சுவருக்கு வெளியே. நேற்று கணக்குக்காக அளந்தேன், அங்கே உண்மை வேகம் 10தான்.

அம்பத்தூர்_வயர்மேன்

பாருங்கள், கேமரா ஒன்று ஐந்தில் ஒரு பங்கு நேரம். இரண்டும் சேர்ந்து 2.4இன் நாற்பது சதவீதத்தை எடுத்துவிட்டன, பக்கத்து ஃபிளாட்களின் சத்தம் தனி. இருபது பல்பு செய்யாததை இரண்டு கேமரா செய்கிறது. அதனால் "எத்தனை சாதனம்" என்று ஒரே எண்ணாக எழுதாதீர்கள் தம்பி, இரண்டாகப் பிரியுங்கள்.

ரிச்சி_தெரு_கடை

எல்லாவற்றையும் வைத்து எழுதிப் பார்த்தேன். திருத்திக் கொடுங்கள்.

"AX1500 ரவுட்டர். போர்ட் எல்லாம் கிகாபிட். 5 கிகாவில் வைஃபை 6, 2.4 கிகாவில் வைஃபை 4. பெட்டியில் உள்ள 1500 என்பது இரண்டின் கூட்டு, எந்த ஒரு போனுக்கும் அது கிடைக்காது. ரவுட்டர் இருக்கும் அறையில் நல்ல போனுக்கு 600 வரை, ஒரு செங்கல் சுவர் தாண்டி 300 சுமார், இரண்டு சுவர் தாண்டி 20 முதல் 200 வரை. உங்கள் இணையத் திட்டத்தின் வேகத்துக்கு மேல் இணையம் வராது. ஒரே தளத்தில் உள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, ரவுட்டரை நடுவில் வைத்தால் பொருந்தும். மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து இது ஒன்று போதாது. ஒரே நேரத்தில் 6 முதல் 8 பேர் வீடியோ பார்க்கலாம். பல்பு, ப்ளக் போல அமைதியாக இருப்பவை இன்னும் 20 வரை சேரலாம். வைஃபை கேமரா இரண்டுக்கு மேல் இருந்தால் கேமராவுக்குக் கேபிள் இழுங்கள்."

அம்பத்தூர்_வயர்மேன்

நன்றாக இருக்கிறது. "6 முதல் 8 பேர்" என்பதற்குப் பின் "அவர்களில் ஒருவருக்கு மேல் கடைசி அறையில் இல்லாதபோது" என்று சேருங்கள். நீளமாகும், பரவாயில்லை. அதுதான் வீட்டில் நடப்பது.

வேகப்பிரியன்

சதுர அடியே போடவில்லையே. வாங்குகிறவர் 1500 சதுர அடி என்று தேடிக்கொண்டு வருகிறார், பக்கத்துக் கடை விவரத்தில் அது இருக்கும். சுவர் கணக்கு யார் படிப்பார்கள்? "சென்னை ஃபிளாட்டில் 800 சதுர அடி வரை" என்றாவது போடுங்கள்.

பெரம்பூர்_2BHK

என் 1050இல் கடைசி அறை 22தான். வாசல் மூலையில் ரவுட்டர் வைத்த 800 சதுர அடி வீட்டிலும் அதே கதி ஆகலாம், நடுவில் வைத்த 1100இல் நன்றாக ஓடலாம். எண் போட்டால் மறுபடி அதே புகார் வரும்.

ரிச்சி_தெரு_கடை

ஓனரும் சதுர அடி கேட்கிறார். இப்போதைக்கு சுவர் கணக்கோடு ஏற்றியிருக்கிறேன். பெரம்பூர் அண்ணா, உங்கள் நாலு அறை அளவையும் ஒரு சின்ன வரைபடமாக விவரத்தின் கீழே போட அனுமதி தருவீர்களா? ரவுட்டரை ஹால் மூலையிலிருந்து நடுச்சுவருக்கு மாற்றி இன்னொரு முறை அளந்து கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

பெரம்பூர்_2BHK

தாராளமாகப் போடுங்கள். எட்டு மீட்டர் கேபிள் வேண்டும் அதற்கு, சனிக்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். எட்டு வயரும் உள்ளதாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.